கட்டி வைத்த எழுத்து

எனக்குப் பெயர்மேல் ஆசை இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இதைப் படிக்கிறவர்கள் நான் ஏதோ ஊருக்கு உழைக்கப் புறப்பட்டவள் என்று நினைத்துக்கொள்வார்கள். அச்சில் என் பெயரை முழுதாக, கட்டுரையின் அடியில், கொட்டை எழுத்தில் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

அப்போது அம்பத்தூரில் மூடிக் கிடந்த ஓர் அரிசி ஆலைக்குள் எங்கள் மாதப் பத்திரிகை நடந்துகொண்டிருந்தது. பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்று ஊரே மூட்டை கட்டிய சமயத்தில், ஆசிரியர் அச்சு யந்திரத்தையும் எழுத்துப் பெட்டிகளையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கியவர். பயம் தெளிந்து பலர் திரும்பிப் போன பிறகும் அவர் போகவில்லை. ஆலையின் மூலைமுடுக்கெல்லாம் பழைய தவிடு. ஈய எழுத்தை எடுத்தால் ஊதிவிட்டுத்தான் கோக்க வேண்டும். என் கணவருக்கு ஆவடியில் புதிதாக வந்த ராணுவக் கிடங்கில் குமாஸ்தா வேலை. கல்யாணத்துக்கு முன் நான் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாக இருந்தவள், இங்கிலீஷ் படிப்பேன் என்பதால், பத்திரிகையில் அச்சுப் பிழை பார்த்துப் புரூப் திருத்தவும் பெண்கள் பக்கத்தை நிரப்பவும் என்னை வைத்துக்கொண்டார்கள். பக்கத்தின் அடியில் 'ஒரு சகோதரி' என்று போடுவார்கள். யாருக்குச் சகோதரி என்று எனக்கே தெரியாது.

பெயர் கேட்டபோதெல்லாம் ஆசிரியர் ஒரே பதில்தான் சொல்வார். "சொந்தமா ஒண்ணு எழுதிக் குடுங்கம்மா. நல்லா வந்தா பேர் போட்டுடலாம். பெண்கள் பக்கத்தையும் உங்க பொறுப்பிலேயே விட்டுடறேன்."

'சொந்தமாக' என்பதற்கு அந்த ஆலையில் ஒரு தனி அர்த்தம் இருந்தது. என் மேசைக்கு மேலே சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். இடது பக்கம் வடசொல், வலது பக்கம் தமிழ்ச்சொல். ஜலம் என்றால் தண்ணீர், ஆகாரம் என்றால் உணவு, உபயோகம் என்றால் பயன். வேறு பத்திரிகையில் வந்த ஒன்றை எடுத்து இந்தப் பட்டியலின்படி சொற்களை மாற்றி, முதல் பத்தியில் ஒரு பழமொழி சேர்த்தால் அது சொந்தக் கட்டுரை. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள். திருட்டு என்று யாரும் நினைக்கவில்லை. தமிழுக்குத் தொண்டு என்றுகூட நினைத்தார்கள்.

ரேஷன் கடையில் அரிசியைக் குறைத்துக் கோதுமையைப் போட ஆரம்பித்த காலம் அது. கோதுமையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எந்த வீட்டிலும் தெரியவில்லை. அரிசி மாதிரி அப்படியே வேகவைத்துத் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். என் மேசையில் சர்க்கார் துண்டுப் பிரசுரம் ஒரு கட்டு கிடந்தது: 'கோதுமையை உபயோகிக்கும் விதம்'. எனக்கு மூளை வேலை செய்தது. ஒரு பிரதியை உருவி, சுவர்ப் பட்டியலைப் பார்த்துப் பார்த்துச் சொற்களை மாற்றி, 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்று பொருத்தமே இல்லாமல் ஒரு பழமொழியைத் தலையில் வைத்து, எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். சாப்பிடக்கூட இல்லை, அத்தனை சந்தோஷம்.

கம்பாசிட்டர் அம்பத்தூர்க்காரர்தான். ஐம்பது வயதிருக்கும். எழுத்துப் பெட்டியைப் பார்க்காமலே கோப்பார். நான் எழுதிக் கொடுத்த ஆறு பக்கத்துக்கு அவருக்குக் குறைந்தது ஒரு நாள் வேலை. அரை மணி நேரத்தில் புரூப் இழுத்து என் மேசையில் வைத்துவிட்டார்.

"அதுக்குள்ளயா?" என்றேன்.

"இன்னாம்மா பெரிய வேலை? நீ வந்து பாரு" என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

நூல் சுற்றிக் கட்டிய ஈய எழுத்து ஒரு தட்டில் கிடந்தது. அந்தத் துண்டுப் பிரசுரத்தை அச்சடித்ததே எங்கள் அச்சகம்தான்! மறுபடி அச்சடிக்கச் சொல்லுவார்கள் என்று கோத்த எழுத்தைப் பிரிக்காமல் அப்படியே கட்டி வைத்திருந்தார். பிரசுரத்தின் அடியில் பொடி எழுத்தில் எங்கள் அச்சகத்தின் பெயர் இருந்திருக்கிறது. தினமும் புரூப் திருத்துகிற கண்ணுக்கு அது தெரியவில்லை.

"புச்சா கோக்கறதுக்கு இன்னா கீது இதுல? கட்டி வெச்சத அவுத்தேன். முப்பத்தேழு வார்த்தைய எடுத்துட்டு நீ எழுதினத சொருவினேன். பழமொழி ஒண்ணு மேல வெச்சேன். முடிஞ்சுது" என்று சிரித்தார். கேலிக்காகச் சிரிக்கவில்லை. வேலை மிச்சமானதில் அவருக்கு நிஜமாகவே சந்தோஷம்.

எனக்கு முகம் எரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறேன். அதுவும் பூசணிக்காய் விற்றவனிடமே. வாக்கியம் வாக்கியமாக, எது முதலில் எது பிறகு என்பது உட்பட, எல்லாம் சர்க்காருடையது. என்னுடையது முப்பத்தேழு சொற்கள். அந்த முப்பத்தேழும் சுவரில் இருந்தவை.

ஆசிரியரிடம் போய், அடுத்த மாதத்துக்கு வேறு நல்லதாக எழுதித் தருகிறேன், இதை நிறுத்துங்கள் என்றேன். "இதுக்கென்ன குறை?" என்றார் அவர். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. கம்பாசிட்டர் அந்த எழுத்தை மறுபடி நூலால் கட்டி அலமாரியில் வைத்தார்.

பிடிவாதம் எனக்குப் பிறவிக் குணம். துண்டுப் பிரசுரம் ஒன்று. என் கணவர் கிடங்கில் யாரிடமோ இரவல் வாங்கி வந்த, உணவைப் பற்றி ஒரு டாக்டர் எழுதிய இங்கிலீஷ் புத்தகம் ஒன்று. ஆசிரியர் அலமாரியில் கரையான் தொட்ட பழைய சமையல் புத்தகம் ஒன்று. மூன்றையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பத்தி எடுத்துச் சேர்த்துப் பார்த்தேன். மூன்று வீட்டுப் பழையதை ஒரே சட்டியில் கொட்டின மாதிரி இருந்தது. ஒருவனிடம் எடுத்தால் திருட்டு, மூன்று பேரிடம் எடுத்தால் கட்டுரை என்று ஆகிவிடுமா? கிழித்துப் போட்டேன்.

பிறகு வீணான புரூப் தாள்களைத் துண்டு துண்டாக வெட்டினேன். புத்தகத்துக்கு ஒரு தாள் என்று வைக்காமல் கேள்விக்கு ஒரு தாள் என்று வைத்தேன். 'தவிட்டை நீக்க வேண்டுமா?' என்று ஒரு தாள். 'எவ்வளவு நேரம் ஊற வேண்டும்?' என்று ஒன்று. 'யாருக்கு வயிற்றை வலிக்கிறது, ஏன்?' என்று ஒன்று. ஒவ்வொரு கேள்விக்கும் அடியில் யார் என்ன சொல்கிறார் என்று என் வார்த்தையில் குறித்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. தனித்தனியாகப் படித்தபோது மூவரும் சரியாகச் சொல்வது போலிருந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சண்டை போட்டுக்கொண்டார்கள். மாவாக அரைத்து ரொட்டி தட்டு, முடியாவிட்டால் அரிசி போல் முழுசாகவே வேகவை என்றது பிரசுரம். தவிட்டில்தான் சத்து, அதைத் தொடாதே என்றார் டாக்டர். உமி தவிடு எதுவும் இல்லாமல் தேய்த்துக் கழுவிப் பாயசம் வை என்றது சமையல் புத்தகம்.

யார் சொல்வது பொய் என்று ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். யாரும் பொய் சொல்லவில்லை. பிரசுரம் எழுதியவர் மாவு மில் இருக்கிற ஊரை நினைத்து எழுதியிருக்கிறார். டாக்டர் சத்தை மட்டும் பார்க்கிறார். சமையல் புத்தகம் விருந்து வைக்கிறது. எங்களுக்கு மாவு மில் என்றால் பூந்தமல்லிக்குப் போக வேண்டும். போனாலும் எண்ணெய் இல்லை என்று பாதி நாள் ஓடாது. மில்லும் இல்லை, விறகும் தட்டுப்பாடு, அப்படிப்பட்ட வீட்டில் கோதுமை எப்படிச் சாப்பாடாகும்? இந்தக் கேள்விக்கு மூன்றிலும் பதில் இல்லை. என் கட்டுரை அங்கேதான் ஆரம்பித்தது.

பதில் என் வீட்டுக் கொல்லையிலேயே இருந்தது. எங்கள் வீட்டில் நெல் குத்த வருகிறவள், ஏரிக்கு அந்தப் பக்கம் குடிசை. கழனி வேலை இல்லாத நாளில் வீடு வீடாகக் குத்தப் போவாள். அவள் குழந்தைகளுக்கு மட்டும் வயிறு வலிக்கவில்லை. எப்படி என்று கேட்டேன்.

"கோதுமை இன்னா, கம்புக்குத் தங்கச்சிதானே எம்மா? கம்ப இன்னா பண்ணுவோம்? ஈரம் காட்டி, உரல்ல போட்டு இடிச்சு, பொடச்சு, கல்லு ஏந்திரத்துல ரெண்டா ஒடச்சு, கூழு காச்சுவோம். இதையும் அப்டித்தான். அரிசின்னு நெனச்சாத்தான் பேஜாரு" என்றாள்.

மூன்று புத்தகமும் தாண்டமுடியாத பள்ளத்துக்கு அவள் ஒரே பலகையைப் போட்டுவிட்டாள். மேல் தோல் மட்டும் போகும், உள் தவிடு நிற்கும். டாக்டருக்கும் பாதிச் சமாதானம். நொய்யாக உடைத்தால் சீக்கிரம் வேகும், விறகு மிச்சம். வயிற்று வலிக்குக் காரணம் கோதுமையே இல்லை, தோலோடு அரைவேக்காட்டில் தின்றதுதான் என்று எனக்குத் தோன்றியது. இரண்டு வாரம் என் வீட்டில் சமைத்துப் பார்த்தேன். என் கணவர் முதல் நாள் தட்டைப் பார்த்து, "இது கட்டுரையா, சாப்பாடா?" என்று கேட்டார். இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மூன்று புத்தகங்களையும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, தாள் துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு எழுதினேன். எழுதி முடித்த பிறகு பெட்டியைத் திறந்து ஒப்பிட்டேன். அளவுகள் சரிதானா என்று பார்த்தேன். டாக்டரின் வாக்கியம் இரண்டு என் பேனாவில் ஒட்டிக்கொண்டே வந்திருந்தன. ஒன்றை மாற்றி எழுதினேன். மற்றதை அவர் அளவுக்கு அழகாகச் சொல்ல எனக்கு வரவில்லை. அதை அவர் வார்த்தை என்று சொல்லியே வைத்தேன். சர்க்கார் பிரசுரம் எங்கே உதவும், எங்கே உதவாது என்று எழுதினேன். குத்த வருகிறவள் சொன்னதை அவள் சொன்னது என்றே எழுதினேன். படித்துப் பார்த்தபோது அது யார் எழுதினதையும் போல இல்லை. நான் பேசுவது போல இருந்தது, கொஞ்சம் கோபமாக.

ஆசிரியர் படித்துவிட்டு, "நல்லா இருக்கு. பேர் போட்டுடலாம்" என்றார். நான் தரையில் நடக்கவில்லை. ஆனால் காகிதம் வரவில்லை. போர்க்காலம், காகிதத்துக்கும் ரேஷன். ஒரு மாதம் போயிற்று. இன்னொரு மாதமும் போயிற்று.

இங்கேதான் என் புத்தி போயிற்று. பட்டணத்தில் ஒரு பெரிய பத்திரிகை இருந்தது. அவர்களுக்குக் காகிதம் எப்படியோ கிடைத்துக்கொண்டிருந்தது. என் கட்டுரையை ஒரு நகல் எடுத்து, ஆசிரியருக்குச் சொல்லாமல் அவர்களுக்குத் தபாலில் போட்டேன். எங்கள் பத்திரிகையின் சம்பளம் வாங்கிக்கொண்டு, எங்கள் பத்திரிகையின் தாளில் எழுதினதை! மூன்று வாரத்தில், இடமின்மைக்கு வருந்துகிறோம் என்று திரும்பி வந்துவிட்டது. அந்தக் கடிதத்தைத் திருஷ்டி கழிக்கிற மாதிரி தலையைச் சுற்றி அடுப்பில் போட்டேன். யாருக்கும் தெரியவில்லை, நல்லதாயிற்று என்று நினைத்தேன்.

அப்புறம் காகிதம் வந்தது. கம்பாசிட்டர் என் கட்டுரையைக் கோத்தார். இந்தத் தடவை முழுதாக ஒன்றரை நாள் ஆயிற்று. "இத்த எங்கயும் நான் கோத்ததில்ல" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. புரூப்பை வீட்டுக்கு எடுத்துப் போய், குத்த வருகிறவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"ராவெல்லாம் ஊறப் போட்டேன்னா சொன்னேன்? ஊறிச்சுன்னா உரல்ல பசையாப் பூடுமே! தண்ணி தெளிச்சு ஒரு நாழி வெச்சா போதும்."

என் தவறுதான், வீட்டில் ஈரம் காட்டி இடித்துக் கொடுத்ததெல்லாம் அவள்; எனக்குச் சமையல் புத்தகத்தில் பாயசத்துக்குச் சொன்னது மண்டையில் தங்கியிருக்கிறது. திருத்தினேன். "நீ சொன்னதுன்னு போட்டிருக்கேன்" என்றேன். "என்னப் போயி பொஸ்தகத்துல போடுவாங்களா?" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். வந்ததும் வாசித்துக் காட்டுவதாக வாக்குக் கொடுத்தேன்.

அச்சேற்ற வேண்டிய அன்று காலை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் பட்டணத்துப் பத்திரிகை திறந்து கிடந்தது. 'கோதுமை ஆகாரம்' என்று தலைப்பு. அடியில் யாரோ ஒருவருடைய பெயர். முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என் கேள்விகள், என் வரிசை. தண்ணீர் ஜலமாகியிருந்தது, உணவு ஆகாரமாகியிருந்தது. டாக்டரின் வாக்கியம் இருந்தது, டாக்டரைக் காணோம். குத்த வருகிறவளையும் காணோம். 'இரவு முழுவதும் ஜலத்தில் ஊறவைத்து' என்ற என் தவறு மட்டும் பத்திரமாக இருந்தது.

"இது என்னம்மா?" என்றார் ஆசிரியர்.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது என்பார்கள். ஆனாலும் சொல்லிவிட்டேன், அனுப்பினதை, திரும்பி வந்ததை, கடிதத்தை எரித்ததை எல்லாம்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். "நமக்குன்னு எழுதினதை அவங்களுக்கு அனுப்பினீங்களா?" என்று மட்டும் கேட்டார். மாம்பழத்தில் வண்டு பார்த்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"அவங்க என்னோடதைத்தான் எடுத்தாங்க. ஊற வைக்கிற தப்பு என்னோடது. நான் அப்புறம் திருத்தினேன். அவங்ககிட்டே அந்தத் தப்பு அப்படியே இருக்கு பாருங்க" என்றேன்.

"அதையே வேற மாதிரியும் சொல்லலாமே. அவங்க எழுதினதை நீங்க எடுத்து, தப்பைத் திருத்திட்டீங்கன்னு. அவங்களது முதல்ல வந்திருக்கு. அனுப்பினதுக்கு உங்ககிட்டே ஒரு சீட்டுகூட இல்லை." குரலைத் தணித்துக்கொண்டார். "நீங்க எப்பவோ குடுத்து நான் படிச்சதுதான், நம்பறேன்; ஆனா நான் சொன்னா சொந்தப் பத்திரிகைக்குச் சாட்சிம்பாங்க. அதுவுமில்லாம, அன்னிக்குத் துண்டுப் பிரசுரத்தை மாத்திக் குடுத்தவங்கதானே நீங்க? ஊர் எதை நம்பும்?"

இதே மனிதர்தான் அன்றைக்கு 'இதுக்கென்ன குறை' என்று கேட்டவர். அதைச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது? என் கையில் ஒன்றுமில்லை. தாள் துண்டுகளைக்கூட அடுப்பு மூட்ட எடுத்துவிட்டேன்.

உள்ளே போய் நின்றேன். கம்பாசிட்டர் பட்டணத்துப் பத்திரிகையை ஏற்கெனவே பார்த்திருந்தார். "இது உன்னுதுதான்மா. கோத்தவனுக்குத் தெரியாதா? எங்க இன்னா மாத்திகினாங்கன்னு நானே எண்ணிச் சொல்வேன்" என்றார். அவர் சாட்சியை யார் கேட்பார்கள்? ஆசிரியர் பிரிக்கச் சொல்லிவிட்டார். கம்பாசிட்டர் நூலை அவிழ்த்து, வரி வரியாக எடுத்து, ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் அறையில் போட ஆரம்பித்தார். கோக்க ஒன்றரை நாள் ஆயிற்று; பிரிக்க அவ்வளவு நேரம் ஆகவில்லை. நான் அழுதேன். அவர் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்.

ஆசிரியர் வாசலில் வந்து நின்றார். "ரெண்டு பக்கம் காலியாயிடுச்சு. அந்தப் பழைய கோதுமைப் பிரசுர மேட்டர் கட்டியே கிடக்குதா?"

"கீது சார்."

"அதையே போட்டுடுங்க. சர்க்கார் சரக்கை யாரும் கேக்க மாட்டாங்க." பிறகு என்னைப் பார்த்தார். என் கண் சிவந்திருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. "பேரும் போட்டுடறேன்மா. ரொம்ப நாளா கேக்கறீங்க."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் போய்விட்டார். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஓடவில்லை. அதற்கு நான் காரணம் எதுவும் சொல்லப்போவதில்லை.

பத்திரிகை வந்தது. அரிசி போல் முழுசாக வேகவைக்கச் சொல்லும் கட்டுரையின் அடியில், கொட்டை எழுத்தில், என் பெயர். ஆவடிக் கிடங்கில் என் கணவரிடம் நாலு பேர் பாராட்டினார்களாம். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார். நான் அவருக்கு மோர் கரைத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் குத்த வந்தவள் உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு என் முன்னால் உட்கார்ந்தாள். "வந்துட்ச்சாமே? வாசி எம்மா."

பக்கத்தைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டேன். ஆடிப் பட்டம் தேடி விதை என்று ஆரம்பித்தது. நான் அதைப் படிக்கவில்லை. என் கட்டுரை எனக்கு மனப்பாடமாக இருந்தது. கண்ணைப் பக்கத்தின் மேல் ஓட்டிக்கொண்டே அதைச் சொன்னேன். மில் இல்லாத வீட்டிலிருந்து ஆரம்பித்து, கம்புக்குத் தங்கச்சி என்பது வரை, ஒரு நாழிகை ஈரம் என்பது வரை, ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

"நான் சொன்னது அப்டியே கீதே! நான் சொன்னேன்னே போட்டுக்கிறாங்களே!" என்றாள். பிறகு கையை நீட்டினாள். "அந்த ஏட்ட எனக்குக் குடு எம்மா. எங்க மேஸ்திரி நல்லாப் படிப்பாரு. எல்லாரும் கேக்க அவர வாசிக்கச் சொல்றேன்."

என்ன சொல்லி மறுப்பது என்று யோசித்தேன். பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தேன். அவள் அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு குத்தப் போனாள்.